31:45-இல் என்ன பேசுகிறார்?

நீண்ட உரை வீடியோக்களுக்கு நேரக்குறியும் தலைப்பும் போடுவது எப்படி?

சோழர் கால ஏரிப் பாசனம் பற்றி ஓர் ஊரில் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர். பேச்சைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். நீளம் 1 மணி 34 நிமிடம். ‘சோழர் கால நீர் மேலாண்மை – சிறப்புரை’ என்று தலைப்பு. ஏரிக்குள் நிற்கும் குமிழித் தூம்பு எப்படித் தண்ணீரைத் திறந்துவிட்டது என்பதை அவர் நடுவில் ஏறக்குறைய பத்து நிமிடம் படம் போட்டு விளக்குகிறார். அதை மட்டும் தெரிந்துகொள்ள நினைக்கும் ஒரு பொறியியல் மாணவி ‘குமிழித் தூம்பு’ என்று தேடினால் இந்த வீடியோ அவர் கண்ணில் படும் வாய்ப்பு மிகக் குறைவு. தலைப்பில் அந்தச் சொல் இல்லை, கீழே உள்ள குறிப்பிலும் இல்லை. யாரோ இணைப்பை அனுப்பி அவர் வந்து சேர்ந்தாலும் முதல் பதினான்கு நிமிடம் வரவேற்புரையும் பொன்னாடையும்தான். அடியில் ஓடும் பட்டையை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்ப்பார். தூம்பு அகப்படாது. மூடிவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் குறையைத் தீர்க்க வீடியோவை மறுபடி எடுக்க வேண்டியதில்லை, வெட்டி ஒட்டவும் வேண்டாம். வீடியோவுக்குக் கீழே உள்ள டிஸ்கிரிப்ஷனில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் போதும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரமும் அந்த நேரத்தில் தொடங்கும் பேச்சுக்கு ஒரு தலைப்பும் இருக்க வேண்டும். நேரத்தை டைம்ஸ்டாம்ப் என்பார்கள். இங்கே நேரக்குறி என்போம். அப்படிப் பிரிந்து நிற்கும் ஒவ்வொரு துண்டுக்கும் யூடியூப் வைத்திருக்கும் பெயர் சாப்டர்.

பட்டை எப்போது துண்டாகும்?

டிஸ்கிரிப்ஷனில் நேரத்தை எழுதினால் அது தொட்டதும் அந்த இடத்துக்குத் தாவும் இணைப்பாக மாறும் வசதி பல ஆண்டுகளாக உண்டு. 2020 மே மாதத்தில் யூடியூப் இன்னொரு படி போனது. அந்த நேரங்களை வைத்து, வீடியோவின் அடியில் ஓடும் பட்டையையே துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டத் தொடங்கியது. கணினியில் பட்டைமேல் சுட்டியைக் கொண்டுபோனால் அந்தத் துண்டின் தலைப்பு தெரியும். கைபேசியில் நேரத்துக்குப் பக்கத்தில் தலைப்பு நிற்கும். அதைத் தொட்டால் சிறு படங்களோடு முழுப் பட்டியலும் விரியும்.

ஆனால் நேரம் எழுதிவிட்டதாலேயே பட்டை துண்டாகிவிடாது. நான்கு விதிகள் உண்டு. முதல் நேரக்குறி 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரக்குறிகள் வேண்டும். அவை ஏறுவரிசையில் வர வேண்டும். எந்தத் துண்டும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் சாப்டர் வராது. ஒரு துண்டு மட்டும் விட்டுப்போகும் என்று நினைக்க வேண்டாம், மொத்தப் பட்டியலும் போய்விடும். இணைப்புகள் மட்டும் நீல நிறத்தில் நிற்பதால், ஏற்றியவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். சேமித்த பிறகு வீடியோவைத் திறந்து பட்டையில் இடைவெளிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பதுதான் ஒரே சோதனை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இரண்டு தனிப் பள்ளங்கள் உண்டு. நம் வழக்கத்தில் மணியைப் புள்ளி வைத்து எழுதுவோம்: காலை 10.30, மாலை 6.15. அதே பழக்கத்தில் நேரக்குறியை 31.45 என்று எழுதினால் யூடியூப் அதை நேரமாகவே எடுத்துக்கொள்ளாது. முக்காற்புள்ளி வைத்து 31:45 என்றுதான் எழுத வேண்டும். இரண்டாவது பள்ளம் இதற்கு நேர் எதிர். நிகழ்ச்சிக் குறிப்பில் ‘மாலை 6:30 மணிக்கு நடந்த கூட்டம்’ என்று முக்காற்புள்ளியோடு எழுதிவிட்டால், யூடியூப் அதையும் வீடியோவின் ஆறரையாவது நிமிடம் என்று எடுத்துக்கொண்டு இணைப்பாக்கிவிடும். 0:00-க்கு மேலே அப்படி ஒன்று நின்றால் பட்டியலே குழம்பலாம். அங்கே ‘மாலை ஆறரை மணி’ என்று எழுத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஒரு பட்டியலைப் போட்டுப் பார்ப்போம்

நம் ஏரி உரைக்குப் பலரும் போடக்கூடிய பட்டியல் இப்படி இருக்கும்: ஆரம்பம், சிறப்புரை, சிறப்புரை தொடர்ச்சி, கேள்வி பதில், நன்றி. விதிப்படி இதில் குற்றம் இல்லை, பட்டை துண்டாகும். ஆனால் தூம்பைத் தேடி வந்த மாணவிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ‘சிறப்புரை தொடர்ச்சி’ என்ற தலைப்பை எந்த உரைக்கும் போடலாம். எந்த உரைக்கும் பொருந்தும் தலைப்பு இந்த உரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அதே உரையை முழுதாகக் கேட்டவர் போட்டால் இப்படி வரும்:

```
0:00 வரவேற்புரை, பேச்சாளர் அறிமுகம்
14:20 மழைநீரை ஏரியில் தேக்கியது ஏன்?
22:10 ஏரியின் பாகங்கள்: கரை, மதகு, கலிங்கு
31:45 குமிழித் தூம்பு எப்படி வேலை செய்தது?
41:30 உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம்
53:05 தூர் வாரும் செலவை யார் ஏற்றார்கள்?
1:02:40 வீராணம் ஏரி
1:11:15 ஏரிகள் எப்படி அழிந்தன?
1:19:30 கேள்வி: கல்லணையைக் கட்டியது யார்?
1:25:50 கேள்வி: தூம்புகளை இன்று எங்கே பார்க்கலாம்?
1:30:05 நன்றியுரை
```

மொத்தம் பதினொரு வரி. துண்டுகள் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு நிமிடம் வரை ஓடுகின்றன. ஒன்றரை மணி நேர உரைக்கு இது நல்ல அளவு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு குறி போட்டு நாற்பத்தைந்து துண்டாக்கினால் கைபேசித் திரையில் பட்டை பொடிப்பொடியாகிவிடும். விரல் வைத்த இடம் ஒன்று, போய் நிற்கும் இடம் வேறாக இருக்கும். பட்டியலும் கண்ணால் ஒரே ஓட்டத்தில் படிக்க முடியாத அளவு நீண்டுவிடும். பேச்சாளர் ஒரு கேள்வியை எடுத்து அதற்குப் பதிலை முடிக்கும் வரை ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டால் அளவு தானாக அமைந்துவிடும்.

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ‘கேள்வி பதில்’ என்று மொத்தமாக ஒரு துண்டு போடாமல் ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியாக நிற்கிறது. தமிழ்க் கூட்டங்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் வீணாகப் போகிறது. தயாரித்து வந்த உரையில் சொல்லாததைப் பேச்சாளர் இங்கேதான் மனம்விட்டுச் சொல்வார். பார்வையாளர் கேட்கும் கேள்வியும், வீட்டிலிருந்து தேடுகிறவர் தட்டச்சு செய்யும் கேள்வியும் பல நேரம் ஒன்றாகவே இருக்கும். கேட்டவரின் பெயரைப் போடத் தேவையில்லை. அவர் ஐந்து நிமிடம் சுற்றி வளைத்துக் கேட்டதை ஒரே வரிக் கேள்வியாகச் சுருக்கிப் போட்டால் போதும்.

எந்த நொடியில் குறி வைப்பது?

இங்கேதான் வேலை நுணுக்கமாகிறது. தூம்புப் பகுதியை நெருங்கிப் பார்ப்போம். 31:20-இல் பேச்சாளர் கலிங்கு பற்றிய பேச்சை முடித்துவிட்டு, கிராமத்தில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். 31:45-இல், “சரி, கரைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது. கரையை உடைக்காமல் அதை எப்படி வெளியே எடுப்பது?” என்று கேட்கிறார். 32:05-இல் தூம்பின் படம் திரையில் வருகிறது. 32:30-இல்தான் ‘குமிழித் தூம்பு’ என்ற சொல் முதன்முதலாக அவர் வாயிலிருந்து வருகிறது.

குறியை எங்கே வைப்பீர்கள்? அவசரமாகப் போடுகிறவர் 32:30-இல் வைப்பார், ஏனென்றால் எழுத்து வடிவத்தில் தேடினால் அந்தச் சொல் கிடைக்கும் இடம் அதுதான். வீடியோவை வேகமாக ஓட்டிப் பார்ப்பவர் படம் மாறும் 32:05-இல் வைப்பார். இரண்டிலும் தாவி வருகிறவருக்குத் தலை இல்லாத விளக்கம்தான் கிடைக்கும். எதற்காக இந்தத் தூம்பு என்ற கேள்வியே அவர் காதில் விழாது. சரியான இடம் 31:45. அங்கே தொட்டால் முழு வாக்கியத்தோடு பேச்சு தொடங்குகிறது. தொட்டவுடன், தலைப்பில் சொன்னதுதான் இங்கே வருகிறது என்று பத்து நொடியில் தெரிந்துவிடுகிறது.

வாக்கியத்தின் முதல் சொல் விழுங்கப்படாமல் இருக்க, பேச்சு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் குறி வைப்பது வழக்கம். அதிகம் முன்னால் போனால் பழைய சம்பவத்தின் வால் கேட்கும். வந்தவர் தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துவிடுவார்.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. யாராவது ஒருவர் உரையை முழுதாகக் கேட்க வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் 94 நிமிட உரை 63 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் ஓட்டத்தில் பேச்சு திரும்பும் இடங்களை ஏறத்தாழ குறித்துக்கொண்டு, பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் போய் நொடியைத் திருத்தினால் வேலை சுருங்கும். நேரம் போட்ட எழுத்து வடிவம் வீடியோவுக்கு இருந்தால், அதில் சொல்லைத் தேடி அருகில் போய்விடலாம். கடைசி நொடியைக் காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தலைப்பில் என்ன இருக்க வேண்டும்?

பேச்சாளர் பயன்படுத்தும் சொல்லும் தேடுகிறவர் பயன்படுத்தும் சொல்லும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பேச்சாளர் இருபது நிமிடம் ‘மடை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம்; பாடப் புத்தகம் படித்த மாணவி ‘மதகு’ என்று தேடுவார். தலைப்பு எழுதுகிறவர் இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறார். ஊர்ப் பெயர், ஆள் பெயர், கல்வெட்டின் பெயர், பொருளின் பெயர் போன்ற பெயர்ச்சொற்கள் தலைப்பில் முழுதாக இருக்க வேண்டும். ‘அந்தக் கல்வெட்டு சொல்லும் சேதி’ என்று மர்மம் வைத்து எழுதினால் மேடையில் கைதட்டல் கிடைக்கலாம், தேடுகிறவருக்கு உதவாது. ‘உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம்’ என்றால் முதலாம் பராந்தகன் காலத்து ஊராட்சியைத் தேடி வந்தவர் தயங்காமல் தொடுவார்.

முக்கியச் சொல் முன்னால் வர வேண்டும். கைபேசியில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும். ‘சோழர் காலத்தில் நம் முன்னோர்கள் பயன்படுத்திய குமிழித் தூம்பு’ என்று எழுதினால் திரையில் ‘சோழர் காலத்தில் நம் முன்…’ என்று நின்றுவிடும். உரை முழுவதுமே சோழர் காலம் பற்றியது என்பதால் அந்தச் சொல்லை ஒவ்வொரு வரியிலும் திருப்பிப் போடுவதில் பயனில்லை.

தலைப்பு என்பது பார்வையாளருக்குக் கொடுக்கும் வாக்கு. ‘கல்லணையைக் கட்டியது யார்?’ என்று போட்டுவிட்டு, அந்த ஆறு நிமிடத்தில் பேச்சாளர் அதைத் தொடாமல் வேறெங்கோ போயிருந்தால், வந்தவர் அடுத்த தலைப்பையும் நம்ப மாட்டார். பேச்சாளர் பதில் சொல்லாமல் கேள்வியை எழுப்பிவிட்டு மட்டும் நகர்ந்திருந்தால் ‘கல்லணையைக் கட்டியவர் பற்றிய சந்தேகங்கள்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதே சரி.

தேடுபொறிக்கு இதில் என்ன?

தேடுபொறி ஒரு வீடியோவை நாம் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தலைப்பு, டிஸ்கிரிப்ஷன், எழுத்து வடிவம், வீடியோ இருக்கும் பக்கத்தில் உள்ள மற்ற எழுத்துகள் ஆகியவைதான் அதற்கு முக்கியமான பிடிமானம். ஒரே தலைப்பின் கீழ் பத்து விஷயம் பேசும் நீண்ட உரையில் இந்தப் பிடி மிகவும் தளர்வாக இருக்கும். நேரக்குறிப் பட்டியல் அந்த இடத்தில் இரண்டு செய்திகளைத் தருகிறது: இந்த உரைக்குள் இன்ன விஷயம் இருக்கிறது, அது இன்ன நொடியில் தொடங்குகிறது.

2019 செப்டம்பரில் கூகுள் தன் தேடல் முடிவுகளில் வீடியோவின் முக்கியத் தருணங்களைக் காட்டத் தொடங்கியது. தேடல் முடிவில் வீடியோவுக்கு அடியிலேயே துண்டுகளின் தலைப்புகள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் வீடியோ நேராக அந்த நொடியில் திறக்கும். நம் மாணவி விஷயத்தில், பதினான்கு நிமிட வரவேற்புரையைத் தாண்டி நேரே தூம்பில் போய் இறங்கலாம்.

இந்தத் தருணங்களைக் கூகுள் தானாகவே கண்டுபிடிக்கவும் முயல்கிறது. ஆனால் வீடியோ போட்டவர் கையால் எழுதித் தந்திருந்தால் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பதாகக் கூகுள் தன் வழிகாட்டிக் குறிப்பில் சொல்கிறது. யூடியூபிலும் இதே நிலைதான். சாப்டர்களை இயந்திரமே பிரித்துப் போடும் வசதி யூடியூப் ஸ்டூடியோவில் உண்டு. ஆனால் எல்லா வீடியோவுக்கும் அது கிடைப்பதில்லை, நீங்கள் எழுதிய பட்டியல் இருந்தால் இயந்திரப் பட்டியல் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு சேனல்மேல் விதிமீறல் நடவடிக்கை நிலுவையில் இருந்தால் சாப்டர் வசதியே கிடைக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்காக ஒரு பொய்யான நம்பிக்கையும் வேண்டாம். நேரக்குறி போட்டால் தேடலில் முதலிடம் வந்துவிடும் என்று விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓர் உறுதியைக் கூகுள் யாருக்கும் தரவில்லை. பட்டியல் சரியாக இருந்தாலும் தேடல் முடிவில் அதைக் காட்டுவதும் காட்டாததும் கூகுளின் முடிவு. பட்டியல் போட்ட அன்றே மாற்றம் தெரியாது. கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி வந்து படிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

சொந்த இணையதளத்தில் வைத்திருப்பவர்களுக்கு

சில கல்லூரிகளும் அமைப்புகளும் உரைகளை யூடியூபில் போடாமல் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. அங்கே டிஸ்கிரிப்ஷன் கிடையாது. பக்கத்தின் நிரலுக்குள் இந்தச் செய்தியை எழுத வேண்டும். கூகுள் இரண்டு வழி சொல்கிறது. `SeekToAction` என்ற முறையில், இணைப்பில் நேரத்தை எப்படிக் குறிப்பது என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும். தருணங்களைக் கூகுளே கண்டுபிடித்துக்கொள்ளும். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் இது இயங்கும் மொழிகள் என்று கூகுள் தந்த பட்டியலில் ஆங்கிலம், ஸ்பானிஷ், ஜப்பான் மொழி, ரஷ்ய மொழி என ஒரு டஜன் மொழிகள்தான் இருந்தன. தமிழ் அதில் இல்லை. `Clip` என்ற இரண்டாவது முறைக்கு மொழிக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு துண்டையும் நாமே எழுதித் தர வேண்டும். தூம்புப் பகுதிக்கு அது இப்படி இருக்கும்:

```json
{
  "@type": "Clip",
  "name": "குமிழித் தூம்பு எப்படி வேலை செய்தது?",
  "startOffset": 1905,
  "endOffset": 2490,
  "url": "https://example.org/eri-urai?t=1905"
}
```

இங்கே நேரத்தை நிமிடத்தில் எழுதுவதில்லை, மொத்த நொடிகளாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். 31:45 என்றால் 31-ஐ 60-ஆல் பெருக்கி 45-ஐக் கூட்ட, 1905. துண்டு முடியும் 41:30 என்பது 2490. இந்தத் துண்டுகள் எல்லாம் வீடியோவை விவரிக்கும் `VideoObject` என்ற பெரிய கட்டுக்குள், `hasPart` என்ற இடத்தில் அடங்கும். வீடியோவின் பெயர், முகப்புப் படம், ஏற்றிய தேதி ஆகிய மூன்றும் அந்தப் பெரிய கட்டில் கட்டாயம்.

அடிக்கடி பிசகும் இடம் கடைசி வரி. இணைப்பில் `?t=1905` என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. அந்த இணைப்பைத் திறந்தால் வீடியோ உண்மையிலேயே 1905-ஆவது நொடியிலிருந்து ஓட வேண்டும். பல தளங்களில் பிளேயர் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் 0:00-இலிருந்தே தொடங்கும். நிரல் எழுதுகிறவரிடம் வேலையை ஒப்படைப்பவர் இதை நேரில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நிரல் பிழையில்லாமல் இருக்கிறதா என்று கூகுளின் Rich Results Test என்ற இலவசக் கருவியில் சோதிக்கலாம். இன்னொன்று, இருபது உரைகளை ஒரே பக்கத்தில் அடுக்கி வைக்கக் கூடாது. வீடியோவே முதன்மையாக இருக்கும் பக்கத்தைத்தான் கூகுள் வீடியோத் தேடலில் காட்டுகிறது. ஒவ்வொரு உரைக்கும் தனிப் பக்கம் வேண்டும்.

சரியாகப் போட்ட பட்டியலும் கெட்டுப்போகும்

நேரடி ஒளிபரப்பாகப் போன கூட்டங்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். கூட்டம் தொடங்கும் முன்பே ஒளிபரப்பைத் தொடங்கிவிடுவார்கள். ‘சற்று நேரத்தில்’ என்ற அட்டையும் காலி நாற்காலிகளும் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஏரி உரையின் மூலப் பதிவில் அப்படி 6 நிமிடம் 40 நொடி இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆர்வமாக அன்றிரவே பட்டியல் போட்டுவிடுகிறார். மறுநாள் இன்னொருவர் யூடியூப் ஸ்டூடியோவில் முன்னால் இருந்த வெட்டிப் பகுதியை நறுக்கிவிடுகிறார். வீடியோ நகர்ந்துவிட்டது, டிஸ்கிரிப்ஷன் நகரவில்லை. தூம்பு இப்போது 31:45-இல் இருக்கிறது. பட்டியல் இன்னும் 38:25 என்று சொல்கிறது. தொடுகிறவர் விளக்கத்தின் முக்கால்வாசிப் பகுதி முடிந்த இடத்தில் போய் விழுகிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. பட்டியலின் கடைசி நேரத்தையும் வீடியோவின் மொத்த நீளத்தையும் ஒப்பிடுங்கள். பழைய பட்டியலில் நன்றியுரை 1:36:45-இல் இருந்தது. வீடியோவோ இப்போது 1:34:10-இலேயே முடிந்துவிடுகிறது. இல்லாத நிமிடத்தைப் பட்டியல் காட்டினால், யாரோ எங்கோ நறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். முன்பகுதியை மட்டும் நறுக்கியிருந்தால் எல்லா நேரத்திலிருந்தும் 6:40-ஐக் கழித்துவிடலாம்: 38:25 என்பது 31:45 ஆகும், 1:09:20 என்பது 1:02:40 ஆகும். முதல் வரி மட்டும் எப்போதும் 0:00-ஆகவே இருக்க வேண்டும். நடுவிலும் நறுக்கியிருந்தால் ஒரே எண்ணைக் கழிப்பது உதவாது. வெட்டுக்குப் பின்னால் வரும் வரிகளை மறுபடி கேட்டுத்தான் திருத்த வேண்டும். ஆகவே நறுக்குவதை முதலில் முடித்துவிட்டுப் பட்டியலைக் கடைசியில் போடுவதே ஒழுங்கு.

இன்னொரு வழக்கமான பிழை ஒரு மணி நேரத்தைத் தாண்டும் இடத்தில் வரும். 53:05-க்கு அடுத்து 1:02:40 என்று எழுத வேண்டியவர் கைப்பழக்கத்தில் 2:40 என்று எழுதிவிடுவார். ஏறுவரிசை உடைந்துவிடும், பதினொரு சாப்டரும் ஒரே நேரத்தில் மறையும். பட்டையில் துண்டுகள் காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த மணிக் கோடு.

போட்டது பயன்பட்டதா?

சில வாரம் கழித்து யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் தங்கும் அளவைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நேரக்குறி இல்லாத உரையில் அந்தக் கோடு தொடக்கத்தில் சரிந்து, பிறகு தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும். மக்கள் தலைப்பைப் பார்த்துத் தாவுகிறார்கள் என்றால் சில சாப்டர்களின் தொடக்கத்தில் கோடு மேலே எழும். 31:45-இல் மேடு எழுந்து சில நிமிடம் அப்படியே நின்றால் தலைப்பும் நொடியும் பொருந்தியிருக்கின்றன. எழுந்த வேகத்தில் விழுந்தால் வந்தவர்கள் தேடியது அங்கே இல்லை என்று அர்த்தம். தலைப்பையோ நொடியையோ மாற்ற வேண்டும்.

சாப்டர் போட்டால் மக்கள் தாவித் தாவிப் போய்விடுவார்கள், மொத்த உரையையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தயங்கும் அமைப்பாளர்கள் உண்டு. தாவுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் தூம்பைத் தேடி வந்தவர் பட்டியல் இல்லாதபோது முழு உரையையும் கேட்கவில்லை, வரவேற்புரையிலேயே போய்விட்டார். பட்டியல் இருந்தால் குறைந்தது அந்தப் பத்து நிமிடத்தையாவது கேட்பார். அடுத்த வரியில் உத்திரமேரூர் என்று கண்டால் இன்னும் கொஞ்சம் இருப்பார்.

டிஸ்கிரிப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஐந்து வருடத்துக்கு முன் ஏற்றிய உரைக்கும் இன்றைக்குப் பட்டியல் போடலாம். வீடியோவின் முகவரியோ பார்வை எண்ணிக்கையோ மாறாது. இலக்கிய அமைப்புகளும் கல்லூரித் துறைகளும் தங்கள் சேனலில் அதிகம் பார்க்கப்பட்ட பழைய உரை ஒன்றை எடுத்து, அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, முதல் பட்டியலைப் போடச் சொல்லுங்கள். அந்த உரையை முழுதாகக் கேட்கும் பொறுமையும், பேச்சாளர் எந்தக் கேள்விக்கு எங்கே பதில் சொன்னார் என்று பிரித்தறியும் படிப்பும் உள்ளவராக அவர் இருக்க வேண்டும். மற்றபடி இதற்குத் தேவை ஒரு ஹெட்போனும் ஒரு மணி நேரமும்தான்.